லாட்ஜ் கவுன்ட்டரில் ஒரே கம்ப்யூட்டர், மூன்று பேர்: கீபோர்டிலேயே திரையைப் பூட்டுவதும் ஆள் மாறுவதும்

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் உள்ள லாட்ஜ்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. விடியற்காலையில் காட்பாடியில் ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்து, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்து நிற்கும். கொல்கத்தா, அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தோ சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கவுன்ட்டர் மேல் வைப்பார்கள். நாம் ஸ்கேன் செய்து, பதிவேட்டில் ஏற்றி, சாவியை எடுத்துக்கொண்டு அறையைக் காட்ட மாடிக்குப் போவோம். அந்த நேரத்தில் கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் திறந்தே இருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு லாட்ஜில் அப்படித்தான் ஒருநாள் நடந்தது. இரண்டாவது மாடியில் அறையைத் திறந்துவிட்டுக் கீழே வந்தபோது, அறை கேட்டு வந்த ஒருவர் கவுன்ட்டரில் சாய்ந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் வேறொரு குடும்பத்தின் பாஸ்போர்ட் பக்கமும், அந்த அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டும் பெரிதாகத் தெரிந்தன. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கண் எதிரே இருந்ததைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா அறைக்கு வெளியே யாருக்கும் சொல்ல விரும்பாத ஒரு நோயின் பெயர் அந்தச் சீட்டில் இருந்தது. அன்றிலிருந்து கவுன்ட்டரை விட்டு எழுந்தால் முதலில் இரண்டு கீயை அழுத்திவிட்டுத்தான் எழுவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் முதல் நாளே அதைத்தான் காட்டுகிறேன்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். லாட்ஜை வைத்துச் சொன்னாலும், சத்துவாச்சாரி கோர்ட் பக்கத்து வக்கீல் ஆபீஸ், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஆபீஸ் என்று ஒரே கம்ப்யூட்டரில் பலர் உட்காரும் எந்த இடத்திலும் இதையே செய்யலாம்.

முதலில் மூன்று வேலைகளையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

கம்ப்யூட்டரை விட்டு எழும்போது செய்யக்கூடியவை மூன்று. புதியவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

ஒன்று பூட்டுவது, அதாவது Lock. திரை மறையும், பாஸ்வேர்ட் கேட்கும். ஆனால் உள்ளே நீங்கள் திறந்து வைத்த எக்செல், பிரவுசர் எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து பாஸ்வேர்ட் அடித்தால் விட்ட இடத்திலேயே நிற்பீர்கள்.

இரண்டாவது ஆள் மாறுவது, Switch user. உங்கள் வேலை உள்ளே தூங்குவது போல இருக்க, இன்னொருவர் தன் கணக்கில் நுழைந்து வேலை செய்வார். அவருக்கு உங்கள் ஜன்னல்கள் எதுவும் தெரியாது. அவர் முடித்த பிறகு நீங்கள் உங்கள் பாஸ்வேர்ட் அடித்தால் உங்கள் திரை அப்படியே திரும்பும்.

மூன்றாவது வெளியேறுவது, Sign out. உங்கள் கணக்கில் திறந்திருந்த எல்லாம் மூடப்படும். சேமிக்காதது போய்விடும்.

எதை எப்போது செய்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. டீ குடிக்கவோ, அறை காட்டவோ போனால் பூட்டு. சாப்பிடப் போகிறீர்கள், அந்த ஒரு மணி நேரத்தில் வேறொருவர் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் ஆள் மாற்று. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வெளியேறு. கடைசியில் சொன்னதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே ஒரு காலை நேரத்தை வைத்து விவரமாகச் சொல்கிறேன்.

பூட்டும் கீ

கீபோர்டில் கீழ் வரிசையில், Ctrl-க்கும் Alt-க்கும் நடுவில், விண்டோஸ் சின்னம் போட்ட கீ இருக்கும். அதை இடது கைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு L கீயைத் தட்டுங்கள்.

```
Win + L
```

அவ்வளவுதான். "நிஜமாகப் பூட்டவா?" என்று கேட்காது, எதையும் மூடாது. உடனே படம் போட்ட திரை வந்துவிடும். சாவிக்கொத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் செய்யலாம். சிலருக்கு விரல் எட்டாது, அவர்கள் இரண்டு கையாலும் அழுத்தினால் போதும்.

திறப்பதற்கு Enter அல்லது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் விலகி பாஸ்வேர்ட் பெட்டி வரும். பாஸ்வேர்ட் அடித்து Enter. பின் நம்பர் வைத்திருந்தால் கடைசி எண்ணை அடித்ததுமே தானாகத் திறந்துவிடும்.

பூட்டு எதைத் தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூட்டிய திரையின் வலது கீழ் மூலையில் பவர் சின்னம் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதைத் தொட்டு கம்ப்யூட்டரை அணைக்க முடியும். அணைக்கும் முன், இன்னொருவர் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், அணைத்தால் அவர் சேமிக்காத வேலை போய்விடலாம் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அவசரத்தில் இருப்பவர் அதைப் படிக்காமல் Shut down anyway என்பதைத் தட்டிவிடுவார். அதனால் Win + L அழுத்துவதற்கு முன்னால் ஒரு Ctrl + S. இந்த இரண்டையும் சேர்த்தே பழகுங்கள். கரண்ட் போய், யு.பி.எஸ். பேட்டரியும் இறங்கிவிட்டால் அப்போதும் இந்த Ctrl + S-தான் காப்பாற்றும்.

இன்னொன்று, பூட்டிய திரையிலும் மெசேஜ் அறிவிப்புகள் வந்து நிற்கலாம். வாட்ஸப்பில் யாராவது "ரூம் 204 பேஷண்ட் பாஸ்போர்ட்" என்று அனுப்பினால், பூட்டியும் பயனில்லை. Settings-ல் System, அதற்குள் Notifications-க்குப் போனால் Show notifications on the lock screen என்று ஒன்று இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஆள் மாற ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும்

கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் ஒரே கணக்கு, அதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்ட் என்று இருந்தால், ஆள் மாறுவதற்கு இடமே இல்லை. பல இடங்களில் அந்த பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். அதை முதலில் சரி செய்யுங்கள்.

பகல் ஷிப்டுக்கு ஒன்று, ராத்திரி ஷிப்டுக்கு ஒன்று என்று கணக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஷிப்ட் மாறும், லீவ் போட்டால் ஆள் மாறும். கடைசியில் அந்த பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும். ஆளுக்கு ஒரு கணக்கு, அவரவர் பெயரில். முதலாளிக்கோ மேனேஜருக்கோ மட்டும் நிர்வாகிக் கணக்கு.

கணக்கு சேர்க்க, நிர்வாகிக் கணக்கில் நுழைந்து Win + I அழுத்தினால் Settings திறக்கும். அதில் Accounts, பிறகு Other users. விண்டோஸ் 10-ல் இதன் பெயர் Family & other users. கணக்கு சேர்க்கும் பொத்தானைத் தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஈமெயில் கேட்கும். இங்கேதான் புதியவர்கள் நின்றுவிடுகிறார்கள். கீழே சின்ன எழுத்தில் I don't have this person's sign-in information என்று இருக்கும், அதைத் தட்டுங்கள். அடுத்த பக்கத்தில் Add a user without a Microsoft account என்பதைத் தட்டுங்கள். இப்போது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்ட் அடித்ததும், மறந்துபோனால் மீட்பதற்காக மூன்று கேள்விகள் வரும். உட்கார்ந்து அடிப்பது அந்த ஊழியராகவே இருக்கட்டும், மேனேஜர் அடிக்க வேண்டாம். இப்படிச் சேர்க்கும் கணக்கு சாதாரணக் கணக்காகத்தான் வரும். அப்படியே விட்டுவிடுங்கள், கவுன்ட்டர் வேலைக்கு அது போதும்.

கணக்கு பிரிந்ததும் ஒரு புதுப் பிரச்சினை வரும். ஒருவருடைய Documents ஃபோல்டரில் வைத்த பதிவேடு இன்னொருவருக்குத் தெரியாது. பொதுவாக எல்லோரும் எழுத வேண்டிய கோப்பை இந்த இடத்தில் வையுங்கள்:

```
C:\Users\Public\Documents
```

எந்தக் கணக்கில் நுழைந்தாலும் இந்த ஃபோல்டர் திறக்கும். அறைப் பதிவேடு, கட்டணப் பட்டியல் போன்றவை இங்கே இருக்கட்டும். பாஸ்போர்ட் ஸ்கேன்களை இங்கே குவிக்காதீர்கள்.

கீயாலேயே ஆள் மாறுவது

Win + L என்பது வெறும் பூட்டு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் பல கணக்கு இருந்தால், ஆள் மாறுவதற்கும் அதுவே வாசல். தனியாக வேறு கீ தேட வேண்டாம்.

1. முதல் ஆள் Ctrl + S அடித்து, பிறகு Win + L அழுத்திவிட்டு எழுகிறார்.
2. இரண்டாவது ஆள் உட்கார்ந்து Enter தட்டுகிறார். முதல் ஆளின் பெயரும் பாஸ்வேர்ட் பெட்டியும் வரும். இடது கீழ் மூலையில் மற்றவர்களின் பெயர்கள் இருக்கும்.
3. Tab கீயை ஒவ்வொன்றாகத் தட்டினால் ஒரு கட்டம் இடம் மாறிக்கொண்டே போகும். அது பெயர்ப் பட்டியலுக்கு வரும்வரை தட்டுங்கள். தாண்டிப் போய்விட்டால் Shift + Tab பின்னால் கொண்டுவரும்.
4. மேல், கீழ் அம்புக் கீகளால் தன் பெயருக்குப் போய் Enter தட்டி, தன் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும்.

எத்தனை முறை Tab தட்ட வேண்டும் என்று நான் எண்ணிக்கை சொல்லவில்லை. பின் நம்பர் இருக்கிறதா, பாஸ்வேர்ட் மட்டுமா என்பதைப் பொறுத்து அது மாறும். உங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டால் அப்புறம் விரலுக்கே தெரிந்துவிடும்.

விண்டோஸ் கீ இல்லாத பழைய கீபோர்டாக இருந்தால் Ctrl + Alt + Del அழுத்துங்கள். Lock, Switch user, Sign out என்று வரிசையாக வரும். அம்புக் கீயால் போய் Enter தட்டுங்கள்.

வெளியேறுவதற்கு இன்னும் வேகமான வழி ஒன்று இருக்கிறது. Win + X அழுத்தி, கையை எடுத்துவிட்டு, U தட்டி, I தட்டுங்கள். உடனே வெளியேறும். ஆனால் கவனம், U-வை இரண்டு தடவை தட்டினால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். புதியவர்களுக்கு நான் முதல் மாதம் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, Ctrl + Alt + Del வழியையே காட்டுகிறேன். Alt + F4-ஐயும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. ஏதாவது ஜன்னல் திறந்திருந்தால் அது அந்த ஜன்னலை மூடிவிடும். வெறும் திரையில் அழுத்தினால் ஒரு பெட்டி வரும், அதில் பெரும்பாலும் Shut down என்பதே முதலில் தேர்ந்திருக்கும். வந்ததும் Enter தட்டினால் கதை முடிந்தது.

ஒரு காலை எட்டு மணி

இப்போது மேலே சொன்னதையெல்லாம் ஒரு ஷிப்ட் மாற்றத்தில் வைத்துப் பார்ப்போம். லாட்ஜில் ராத்திரி ஷிப்ட் காலை 8 மணிக்கு முடிகிறது. ஆறு மணிக்கு வங்கதேசத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் விவரங்களை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ராத்திரி ஊழியர் பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் பாதி அடித்துவிட்டார். நடுவில் இன்னொரு குடும்பம் அறை காலி செய்ய வந்ததால் அப்படியே விட்டு பில் போட்டார். எட்டு மணிக்குப் பகல் ஊழியர் வந்தார். ராத்திரி ஊழியர் Win + L அழுத்திவிட்டு, "நான் கெளம்பறேன்ணா" என்று சொல்லிவிட்டுக் குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

பகல் ஊழியர் தன் கணக்கில் நுழைந்து அறைப் பதிவேட்டைத் திறந்தார். மேலே பெயருக்குப் பக்கத்தில் Read-Only என்று காட்டியது. இன்னொருவர் இந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்று ஒரு செய்தியும் வந்தது. எட்டே கால் மணிக்கு எனக்குப் போன்: "இன்னாண்ணா, கம்ப்யூட்டர் முன்னாடி நான் ஒருத்தன்தான் உக்காந்துகினு இருக்கேன், வேற யாரோ தொறந்து வச்சிருக்காங்கன்னு சொல்லுது."

அவர் சொன்னதும் சரி, கம்ப்யூட்டர் சொன்னதும் சரி. ராத்திரி ஊழியர் வெளியேறவில்லை, பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கணக்குக்குள் எக்செல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பதிவேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் திறந்து வைத்திருக்கும் எக்செல் கோப்பில் அடுத்தவர் எழுத முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும்.

இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து Ctrl + Shift + Esc அழுத்தினால் Task Manager திறக்கும். அதில் Users பக்கத்துக்குப் போனால் இப்போது உள்ளே இருக்கும் எல்லாக் கணக்கும் தெரியும். ராத்திரி ஊழியரின் பெயருக்கு எதிரே Disconnected என்று இருக்கும். இந்தச் சொல்லைப் பார்த்து அவர் போய்விட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் இல்லை, ஆனால் உள்ளே இருக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள். பெயரை விரித்துப் பார்த்தால் அவர் திறந்து வைத்த எக்செலும் பிரவுசரும் ஒவ்வொன்றாகத் தெரியும். எத்தனை மெமரி தின்கிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கம்ப்யூட்டரில் 4 ஜி.பி. மெமரிதான் என்றால், காலையில் எல்லாம் ஆமை வேகத்தில் போவதற்குக் காரணமும் இதுதான்.

இனி என்ன செய்வது? அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து Sign off கொடுத்தால் அவருடைய எக்செல் மூடிக்கொள்ளும், பதிவேடு விடுபடும். ஆனால் அவர் சேமிக்காமல் விட்டது எதுவோ அது போகும். பிரவுசரில் பாதி அடித்த சி ஃபார்மும் போகும். அதனால் அதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போடச் சொன்னேன். பில் போட்டதும் பதிவேட்டில் Ctrl + S அடித்தேன் என்று பஸ்ஸிலிருந்தே சொன்னார். சரி, பதிவேடு பிழைத்தது. சி ஃபார்மைத் திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டியிருந்தது. 24 மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம்தான் போயிருந்தது, அதனால் தப்பித்தோம்.

சேமித்தாரா இல்லையா என்று தெரியாமலேயே வெளியேற்ற வேண்டி வந்தால், ஒரு சின்ன நம்பிக்கை உண்டு. எக்செல் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு மீட்பு நகல் எடுத்து வைக்கும். ஆனால் அந்த நகல் அவருடைய கணக்குக்குள் இருக்கும். அவர் ராத்திரி வந்து தன் கணக்கில் எக்செலைத் திறக்கும்போது அவருக்குத்தான் அது காட்டப்படும். பகல் ஊழியர் தன் கணக்கில் தேடினால் கிடைக்காது. கடைசி 10 நிமிட வேலை அதிலும் இல்லாமல் போகலாம்.

அந்தக் காலை வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும். 7.50-க்கு ராத்திரி ஊழியர் சி ஃபார்மை முடிக்க முடியுமா என்று பார்த்திருக்கலாம். முடியாது என்றால், எங்கே நிறுத்தினேன், எந்தப் பாஸ்போர்ட் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பகல் ஊழியர் கையில் கொடுத்திருக்கலாம். பதிவேட்டில் Ctrl + S, பிறகு Ctrl + W அடித்துக் கோப்பை மூடிவிட்டு, Ctrl + Alt + Del அழுத்தி Sign out. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஷிப்ட் மாறும்போது பூட்டு போதாது, வெளியேற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அதே நாள் மதியம் பகல் ஊழியர் சாப்பிடப் போனார், மேனேஜர் உட்கார்ந்தார். அப்போது Sign out தேவையில்லை, ஆள் மாறினால் போதும். ஆனால் பதிவேட்டை மட்டும் Ctrl + W அடித்து மூடிவிட்டுத்தான் Win + L அழுத்தினார். பிரவுசர், ஸ்கேன், மற்றதெல்லாம் அப்படியே கிடந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து தன் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்ட் அடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பொதுக் கோப்பை மட்டும் மூடு, சொந்த வேலை கிடக்கட்டும் என்பது ஆள் மாறும்போது எங்கள் கவுன்ட்டரில் வழக்கமாகிவிட்டது.

பாஸ்வேர்ட் சரியாக அடித்தும் திறக்கவில்லை என்றால்

புதியவர்களிடமிருந்து எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது. மறந்துவிட்டீர்கள் என்று முடிவு கட்டும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர் பூட்டிவிட்டுப் போனால், பாஸ்வேர்ட் பெட்டியிலும் தமிழ் கீபோர்டே தேர்ந்திருக்கலாம். விரல் ஆங்கில எழுத்தை அடிக்கும், உள்ளே போவது வேறு. புள்ளி புள்ளியாகத் தெரிவதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வலது கீழ் மூலையில் ENG என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் Win + Space தட்டினால் மாறும். பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் என்ன அடித்தீர்கள் என்று எழுத்தாகவே தெரியும். ஆனால் கவுன்ட்டரில் யாராவது நின்றால் அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்து Caps Lock. மூன்றாவது, பின் நம்பர் வைத்திருப்பவர்களுக்கு Num Lock. வலது பக்க எண் கீகளில் அடித்தும் பெட்டியில் ஒரு புள்ளிகூட விழவில்லையென்றால் Num Lock அணைந்திருக்கிறது. ஒருமுறை தட்டுங்கள், அல்லது எழுத்துகளுக்கு மேலே உள்ள எண் வரிசையில் அடியுங்கள். பின்னைப் பலமுறை தவறாக அடித்தால் A1B2C3 என்று அடிக்கச் சொல்லும். பயப்பட வேண்டாம், வைரஸ் இல்லை. கீபோர்ட் தானாக அழுந்திக்கொண்டிருக்கிறதா என்று சோதிக்கிறது, அவ்வளவுதான். காட்டியபடியே அடித்துவிட்டு, நிதானமாகப் பின்னை மறுபடி அடியுங்கள்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கும். ஆள் மாறும்போது தன் பெயரைத் தேர்ந்தெடுக்காமல், திரையில் நிற்கும் முந்தைய ஆளின் பெயருக்குத் தன் பாஸ்வேர்டை அடிப்பார்கள். கவுன்ட்டரில் நாலு பேர் நிற்கும்போது அவசரத்தில் யாருக்கும் வரும். பெட்டிக்கு மேலே இருக்கும் பெயரை முதலில் படியுங்கள்.

Win + L அழுத்தியும் பூட்டவில்லை என்றால்

விளையாட்டுக்காகச் செய்த கீபோர்டுகள் சிலவற்றில் விண்டோஸ் கீயை அணைத்து வைக்கும் வசதி உண்டு. விண்டோஸ் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அந்த வகை. பெரும்பாலும் Fn பிடித்து விண்டோஸ் கீயைத் தட்டினால் மறுபடி வேலை செய்யும். விண்டோஸ் கீயைத் தனியாகத் தட்டும்போது ஸ்டார்ட் மெனு திறக்கிறதா என்று பாருங்கள். அதுவும் திறக்கவில்லையென்றால் கீபோர்ட் பக்கம்தான் கோளாறு.

ஸ்டார்ட் மெனு திறக்கிறது, ஆனால் Win + L மட்டும் பூட்டவில்லை, Ctrl + Alt + Del திரையிலும் Lock காணவில்லை என்றால், யாரோ பூட்டும் வசதியையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கிலேயே Win + R அழுத்தி, cmd என்று அடித்து Enter தட்டினால் கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். அதில் இதை அடித்துப் பாருங்கள்:

```
reg query HKCU\Software\Microsoft\Windows\CurrentVersion\Policies\System /v DisableLockWorkstation
```

விடையில் 0x1 என்று வந்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் அங்கே தடை இல்லை. 0x1 வந்தால் நீங்களே மாற்றாதீர்கள், கம்ப்யூட்டரைப் பராமரிப்பவரிடம் காட்டுங்கள். ஏதோ காரணத்துக்காக அவர் செய்திருக்கலாம்.

மறந்துவிட்டு எழுந்தால்

எவ்வளவு பழகினாலும், நோயாளி மயக்கம் போட்டு விழுந்தால் யாரும் கீயைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஓடத்தான் வேண்டும். அப்படிப்பட்ட நேரத்துக்காகத் தானாகப் பூட்டும்படி வைத்துவிடுங்கள். Win + R அழுத்தி, வரும் பெட்டியில் இதை அடித்து Enter:

```
control desk.cpl,,@screensaver
```

ஸ்கிரீன் சேவரில் Blank என்பதைத் தேர்ந்தெடுங்கள். Wait என்ற இடத்தில் நிமிடம். On resume, display logon screen என்பதில் டிக் போடுங்கள், இந்த டிக் இல்லாவிட்டால் திரை மறையுமே தவிர பூட்டாது. லாட்ஜ் கவுன்ட்டருக்கு நான் 3 நிமிடம் வைக்கிறேன். ஒரு நிமிடம் வைத்தால், விருந்தினரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பூட்டிக்கொண்டு ஊழியர்கள் சலித்துப்போய் டிக்கையே எடுத்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் என்பது திறந்த கவுன்ட்டருக்கு ரொம்ப அதிகம்.

இந்த அமைப்பு கணக்குக்குக் கணக்கு தனி. மேனேஜர் கணக்கில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் வந்துவிடாது. ஒவ்வொருவர் கணக்கிலும் நுழைந்து ஒருமுறை வைக்க வேண்டும். வைத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து, திரை மறைந்ததும் மவுஸை அசைத்துப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால்தான் வேலை முடிந்தது.

உங்கள் ஆபீஸில் விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் இருந்தால், உபுண்டுவில் அதே விண்டோஸ் கீயும் L-ம்தான். லினக்ஸ் மின்ட் சின்னமன் என்றால் Ctrl + Alt + L. ஆள் மாறும்போது பொதுக் கோப்பை மூடிவிட்டு எழுவது அங்கேயும் அப்படியேதான்.